மூடியில் ஒட்டின எட்டு வரி

போன எபிசோட்ல நெய்வேலிக்கு லீவுல போறேன்னு சொல்லியிருந்தேன் இல்லையா? போன இரண்டாவது நாளே ஒரு வேலையைக் கெடுத்து வச்சேன். அந்தக் கதைதான் இன்னைக்கு.

அம்மாவோட பழைய மொபெட்ல சைலன்சர் ஓட்டை விழுந்துடுச்சு. புதுசு வாங்கி வந்தாச்சு, மாட்டறதுதான் பாக்கி. சைலன்சரோட வாய் இஞ்சின்ல சேர்ற இடத்துல இரண்டு ஸ்டட், அது மேல இரண்டு நட்டு. 10 நம்பர் ஸ்பேனர் போதும். சூடும் மழையும் பட்டுப் பட்டு இரண்டுமே துரு உருண்டையா இருந்துச்சு. ஸ்பேனர் மாட்டி இழுத்தேன், அசையல. அரை மீட்டர் பைப் ஒண்ணை ஸ்பேனர் பின்னாடி சொருகி மெதுவா அழுத்தினேன். வெண்ணெய் மாதிரி திரும்புச்சு. ஆஹா, வந்துடுச்சுன்னு நினைச்சேன். நட்டு கையோட வந்தது, உள்ள பாதி ஸ்டட்டோட.

அப்பா வெளிய வந்து பார்த்தார். திட்டல. டூல் பாக்ஸைத் தூக்கிட்டு வந்து மூடியைத் திறந்து வச்சு, "படி"ன்னார்.

அப்பா சுரங்கத்துல மெயின்டனன்ஸ் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். நெய்வேலி சுரங்கம் பார்த்தவங்களுக்குத் தெரியும், வாளிகள் பூட்டின ராட்சசச் சக்கரம் சுத்திச் சுத்தி மண்ணை வெட்டுற ஜெர்மன் மெஷின்கள் அங்க உண்டு. நிலக்கரிக்கு மேல இருக்கிற கடலூர் மணற்கல் உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும். கீழ இருந்து நிலத்தடி நீர் அழுத்தும், அதை ராத்திரி பகலா பம்ப் பண்ணணும். அந்த ஈரத்துலயும் தூசியிலயும் கழட்ட வர்ற போல்ட் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மூடியோட உள்பக்கம் ஒரு டைரித் தாள், செல்லோடேப்பெல்லாம் பழுப்பாயிருக்கு. நீல மையில எட்டு வரி. முதல் வரி: "எந்தப் பக்கம்?" எல்லா மரையும் இடப்பக்கம் திருப்பினா கழலாது. சைக்கிளோட இடது பெடல் நேர் எதிர். கழட்டறதா நினைச்சு இறுக்கிட்டே இருப்போம். இரண்டாவது, "பிரஷ் போடு, சரியான ஸ்பேனர் எடு." ஆறு பக்கமும் கவ்வுற பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி. டபுள் எண்ட் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும், நட்டோட மூலை உருண்டு போயிடும். மூணு, "எண்ணெய் விடு." நாலு, "டீ." ஆமாங்க, அப்படியேதான் எழுதியிருக்கு. அஞ்சு, "தட்டு." ஆறு, "முதல்ல இறுக்கு, அப்புறம் கழட்டு." ஏழு, "சூடு." அதுக்குப் பக்கத்துல சிவப்பு மையில "பர்மிட்". எட்டு, "பைப். அப்புறம் உளி."

அதாவது நான் நேரா எட்டாவது வரிக்குப் போயிருக்கேன்.

இந்த வரிசை எதை வச்சுன்னு கேட்டேன். "தப்பா போனா திரும்ப வரமுடியுற வேலையெல்லாம் மேல, முடியாதது கீழ"ன்னார். எண்ணெய் விட்டதால எதுவும் கெடாது. ஆனா மூலை உருண்ட நட்டுக்கும் அறுந்த ஸ்டட்டுக்கும் மேல உள்ள வரி எதுவும் உதவாது. நாங்க ஆபீஸ்ல ரோல்பேக் பிளான் இல்லாம டிப்ளாய் பண்ணாதேன்னு சொல்றதைத்தான் இவர் நீல மையில எழுதி வச்சிருக்கார்.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். இது 6 மில்லிமீட்டர் ஸ்டட். இறுக்க சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதுல இரண்டு மடங்கு போனா அறுந்துடும்னு வச்சுக்கலாம். அரை மீட்டர் பைப்ல 4 கிலோ பாரம் கொடுத்தாலே அந்த 20 வந்துடும். 4 கிலோங்கிறது கையில உறைக்கவே உறைக்காது. நான் வெண்ணெய்னு நினைச்சது இரும்பு முறுக்கிக்கிட்டு இருந்ததைத்தான்.

இப்ப இரண்டாவது நட்டு. அதுவும் அறுந்தா லேத் பட்டறைதான், அம்மாவுக்கு ஒரு வாரம் வண்டி கிடையாது. நல்லபடியா கழண்டா சைலன்சரை உருவிடலாம். அப்ப அறுந்த ஸ்டட்டே ஒரு சென்டிமீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், பிடிச்சுத் திருப்ப இடம் கிடைக்கும். எல்லாம் இந்த ஒரு நட்டை நம்பித்தான்.

கம்பி பிரஷ் போட்டு, வெளிய தெரிஞ்ச மரையைச் சுத்தம் பண்ணோம். துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சோம். துரு, தான் தின்ன இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால மரையோட இடுக்கெல்லாம் அடைச்சுக்கிட்டு எண்ணெயை உள்ள விடாது. அதுக்குத்தான் டீ. அப்பா கணக்குல டீன்னா ஒரு ராத்திரி. நடுவுல இரண்டு தடவை திரும்ப ஸ்ப்ரே அடிச்சு, சின்ன சுத்தியலால நட்டோட பக்கத்துல தட்டினோம். பலமா இல்ல, கதவைத் தட்டுற மாதிரி. அந்த அதிர்வுல துரு விரிசல் விடும், எண்ணெய் அதுக்குள்ள இறங்கும்.

காலையில அப்பா ஒரு காரியம் பண்ணார். சாக்பீஸால நட்டு மேலயும் ஸ்டட் நுனி மேலயும் சேர்த்து ஒரே கோடு போட்டார். நட்டோட கோடு மட்டும் நகர்ந்தா நட்டு கழலுது. இரண்டும் சேர்ந்து நகர்ந்து, கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்தா ஸ்டட் முறுக்குது, அங்கேயே நிறுத்தணும். சேர்ந்து நகர்ந்து திரும்பி வரலன்னா ஸ்டட்டே மொத்தமா கழலுது, அதுவும் நல்லதுதான்.

பாக்ஸ் ஸ்பேனர் மாட்டி முதல்ல இறுக்குற பக்கம் லேசா. கோடு இரண்டும் சேர்ந்து நகர்ந்தது, விட்டதும் திரும்பி வந்தது. நிறுத்திட்டோம். அடுத்தது ஏழாவது வரி.

அந்தப் பர்மிட் ஏன்னா, பழுப்பு நிலக்கரி காத்துபட்டு தானாவே சூடேறித் தீப்பிடிக்கிற சரக்கு. அங்க எழுத்துல அனுமதி இல்லாம யாரும் நெருப்பு பத்த வைக்கக் கூடாது. வீட்டுல பர்மிட்டுன்னா பெட்ரோல் டேங்கைக் கழட்டித் தூரமா வைக்கிறது, ஸ்ப்ரே எண்ணெயை நல்லாத் துடைக்கிறது, பக்கத்துல ஒரு வாளி மணல். நெருப்பே வேண்டாம்னு ஹாட் ஏர் கன் எடுத்தோம். 200 டிகிரி ஏறினா அந்த நட்டோட துளை விரியறது 0.014 மில்லிமீட்டர்தான், தலைமுடி கனத்துல அஞ்சுல ஒரு பங்கு. ஆனா துருவோட பிடி விட அது போதும். சூட்டை ஸ்டட்டுக்கு ஏத்தாம நட்டுக்கு ஏத்தணும், அவ்வளவுதான் சூட்சுமம்.

மறுபடி லேசா இறுக்கினார். 'டிக்'னு காய்ஞ்ச சத்தம். சாக்பீஸ் கோட்டுல நட்டு பக்கம் மட்டும் நகர்ந்திருந்தது. அப்புறம் கால் சுத்து கழட்டு, கொஞ்சம் திருப்பி இறுக்கு, எண்ணெய், மறுபடி கால் சுத்து. வந்துடுச்சு.

சைலன்சரை உருவினோம். அறுந்த ஸ்டட்டுக்கு இப்ப சூட்டைத் திருப்பிக் காட்டணும். அது உட்கார்ந்திருக்கிற அலுமினியம், இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அதனால சுத்தியிருக்கிற அலுமினியத்தைச் சூடாக்கி, லாக்கிங் பிளையர்ல ஸ்டட்டைக் கவ்வி, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்தோம். நாற்பது நிமிஷம் ஆச்சு.

புது ஸ்டட், பித்தளை நட்டு. சாதாரண கிரீஸ் சைலன்சர் சூட்டுல எரிஞ்சுடும்னு காப்பர் பேஸ்ட் தடவினோம். புது கேஸ்கட் சூடு பட்டதும் கொஞ்சம் அமுங்கும். அம்மா மந்தாரக்குப்பம் கடைக்குப் போயிட்டு வந்ததும் வண்டியை ஆற விட்டு நட்டை இன்னொரு தடவை பார்த்தேன், ஸ்பேனர் கால் சுத்து போச்சு. பைப்பை அப்பா எங்கேயோ எடுத்து வச்சுட்டார், இன்னும் சொல்லல.