உங்கள் பணம் வேனாக ஓடுகிறது
(சங்கத்தின் பொன்விழா ஆண்டு நன்கொடையாளர் கூட்டத்தில் டயாலிசிஸ் உதவி நிதியின் பொருளாளர் ஆற்றிய உரை)



நன்றி சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். கொடுத்தவர்களுக்குக் கணக்கு ஒப்புவிப்பதுதான் முறையான நன்றி. ஆகவே, கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் கொடுத்த 28,400 ரிங்கிட் எங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்த ஒரு தவற்றையும் சொல்கிறேன்.

சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருக்க வேண்டும். சிலருக்குத் திங்கள், புதன், வெள்ளி. மற்றவர்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஆண்டுக்கு 156 நாள். பள்ளி விடுமுறையோ பெருநாளோ அதற்குக் கிடையாது. இந்தச் சிகிச்சையின் கட்டணத்துக்குச் சொக்சோவும் ஜகாத்தும் பலருக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் வீட்டிலிருந்து மையத்துக்குப் போய்வரும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் ஆண்டில் நாங்களும் எடுக்கவில்லை. நான்கு நோயாளிகளுக்கு மாதம் 250 ரிங்கிட் ரொக்கமாகக் கொடுத்தோம். படம் எடுத்துக்கொண்டோம், திருப்தியாக வீட்டுக்குப் போனோம். ஒரு நாள் மையத்துத் தாதி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் ஆள் ஒருவர் இரண்டு மாதத்தில் ஐந்து முறை வரவில்லையே, தெரியுமா?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது.

அவர் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வாழும் ஒரு அக்கா. முன்பு காலையில் நாசி லெமாக் விற்றவர். கணவர் இரவுக் காவலாளி. நானும் செயலாளரும் போய் விசாரித்தோம். வாடகைக் காருக்குப் போக 15, வர 15, ஆக ஒரு நாளைக்கு 30 ரிங்கிட். மாதத்துக்கு 13 முறை என்றால் 390. நாங்கள் கொடுத்ததோ 250. அதிலும் வீட்டு வாடகை பாக்கி விழுங்கியது பாதி. மாதக் கடைசி வந்தால் கையில் காசு இருக்காது. "ஒரு நாள் போகாவிட்டால் என்ன தம்பி, அடுத்த முறை சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்" என்றார்.

சேர்த்துச் செய்ய முடியாது என்பதுதான் இந்த நோயின் கொடுமை. சிறுநீரகம் வேலை செய்யாதபோது, குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்குகிறது. மிகுதியான நீர் எல்லாம் எடுத்தபின் ஒருவர் இருக்க வேண்டிய எடையை 'உலர் எடை' என்கிறார்கள். அந்த அக்கா ஒரு முறை உலர் எடையைவிட ஐந்து கிலோ கூடுதலாக வந்திருக்கிறார். கால் வீங்கியிருந்தது, படுத்தால் மூச்சு முட்டியது. அவ்வளவு நீரையும் நான்கு மணி நேரத்தில் இழுத்தபோது இரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. அந்த வேதனைக்குப் பயந்தே அடுத்த முறையும் போகத் தயங்கினார். நீராவது வீக்கமாகக் கண்ணுக்குத் தெரியும். இரத்தத்தில் சேரும் பொட்டாசியம் தெரியாது. அது மிகுந்தால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயத்தை நிறுத்திவிடும்.

அன்று இரவே குழு கூடியது. ரொக்கம் வேண்டாம், பயணத்தையே கொடுப்போம் என்று முடிவு செய்தோம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்று, காலைப் பிள்ளைகளை இறக்கிய பிறகு சும்மா நிற்கிறது. அதன் ஓட்டுநர் நம் உறுப்பினர் ஒருவரின் மைத்துனர். அவரிடம் நாளைக்கு 70 ரிங்கிட் என்று பேசினோம். நோயாளிகளை எல்லாம் மையத்தில் நடுப்பகல் வேளைக்கு மாற்றித் தரக் கேட்டோம். பத்து மணிக்கு ஆயர் ஈத்தாமில் கிளம்பி, ஜெலுத்தோங் வழியாகப் பதினொன்றுக்குள் மையத்தில் இறக்குகிறார். பிறகு பள்ளிப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, மூன்றரைக்குத் திரும்பி வந்து இவர்களை ஏற்றிக்கொள்கிறார்.

இப்போது கணக்கு. வாரம் 6 நாள், ஆண்டுக்கு 312 நாள், நாளுக்கு 70 என்று வேனுக்கு 21,840 ரிங்கிட். வேன் பழுதான நாட்களிலும் ஓட்டுநர் பெருநாளுக்கு ஊருக்குப் போன நாட்களிலும் வாடகைக் காருக்கு 860. சக்கர நாற்காலி இரண்டுக்கு 900. சொக்சோ முடிவுக்காகக் காத்திருந்த ஒருவருக்கு, முறைக்கு 60 வீதம் மூன்று மாதக் கட்டணம் 2,340. ரசீதுப் புத்தகம், வங்கிக் கட்டணம் 160. மொத்தச் செலவு 26,100. கையிருப்பு 2,300.

வேனில் வருபவர்கள் ஏழு பேர். அவர்கள் போக வேண்டிய முறைகள் 1,092. வேனில் போனவை 1,031. விட்டுப்போன 61-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 38 முறை அவர்கள் மருத்துவமனையில் இருந்தார்கள். சிகிச்சை அங்கேயே நடந்தது. 14 முறை பிள்ளைகள் தங்கள் காரில் கூட்டிப் போனார்கள். உண்மையில் தவறவிட்டவை 9. முன்பு அந்த அக்கா ஒருவரே இரண்டு மாதத்தில் 5 தவறவிட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். வேனில் போன ஒரு முறைக்கு, போக வர, 21 ரிங்கிட்டும் கொஞ்சம் சில்லறையும் ஆகிறது.

ஓட்டுநருக்கும் தாதி ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். ஊசி குத்திய கையில் பையைத் தொங்கவிடக்கூடாது. வழியில் இரத்தம் கசிந்தால் துணி வைத்து விரலால் விடாமல் அழுத்த வேண்டும். கயிறு போட்டு இறுக்கக்கூடாது. இரண்டு முறை அது உதவியிருக்கிறது.

ஒரு விளக்கம். சிலர் உண்டியலில் போடும்போது "இது என் ஜகாத்" என்கிறார்கள். ஜகாத் வசூலிப்பது மாநில ஜகாத் அமைப்பின் பொறுப்பு; அதை நாங்கள் வாங்குவதில்லை. எங்கள் ரசீது ஸதகாவுக்கு மட்டும். தகுதி உள்ள நோயாளிக்கு ஜகாத் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

எங்களால் முடியாததையும் சொல்ல வேண்டும். வேனில் ஏறத் தூக்கிவிட ஆள் தேவைப்படும் இருவரின் பெயர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது. ஓட்டுநர் தனியாக அவர்களைத் தூக்க முடியாது. உதவிக்கு ஒருவர் வேண்டும். பணத்தைவிட அதற்கு நேரம் உள்ள ஆள்தான் தேவை. சக்கர நாற்காலி வாங்கும்போது இதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். ஒரு நாற்காலி இன்னும் அலுவலகத்திலேயே மடித்துக் கிடக்கிறது.

கையிருப்பு 2,300 என்றேன். வேன் ஐந்து வாரத்துக்கு மேல் கொஞ்சம் ஓடும். அதனால்தான் பெரிய தொகை ஒரு முறை தருவதைவிட, மாதம் 20 ரிங்கிட் தவறாமல் தருபவரை நாங்கள் அதிகம் தேடுகிறோம். டயாலிசிஸ் மாதிரியே எங்கள் வரவும் இடைவெளி விடக்கூடாது.

அந்த அக்காவிடம் இந்தக் கூட்டத்தில் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "வேன் பத்து மணிக்கு வந்துவிடுகிறது என்று சொல்லுங்கள்" என்றார். அவர் சார்பில் அதைச் சொல்லிவிட்டேன்.