தரவு தீரும் முன்னே கைப்பேசி சொல்ல வேண்டும்: எச்சரிக்கையும் எல்லையும் அமைக்கும் முறை

(நகரசபை நூலகத்தில் தமிழ் பேசும் குடியிருப்பாளர்களுக்காக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசித் திட்டத்தில் நமக்கு அளிக்கப்படும் இணையத் தரவு, அதாவது டேட்டா, தீர்ந்துபோகும் முன்னர் ஓர் அறிவிப்பு நம் திரையில் தோன்றும்படி செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். "அதற்குத்தான் நிறுவனமே குறுஞ்செய்தி அனுப்புகிறதே" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆகவே அந்தக் குறுஞ்செய்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆஸ்திரேலியாவில் தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் நுகர்வோர் பாதுகாப்பு நெறிமுறை ஒன்று உண்டு. மாத முடிவில் பில் வரும் திட்டங்களில், வாடிக்கையாளர் தம் தரவில் 50 விழுக்காடு, 85 விழுக்காடு, 100 விழுக்காடு ஆகிய மூன்று நிலைகளை எட்டும்போது நிறுவனம் அவருக்கு அறிவிக்க வேண்டும் என்று அதன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு விதித்தது. ஆனால் அதே விதியில் ஒரு காலக்கெடுவும் இருந்தது: அந்த நிலையை எட்டிய 48 மணி நேரத்திற்குள் அறிவித்தால் போதும். உடனே அறிவிக்க வேண்டும் என்று விதி கூறவில்லை.

இந்த 48 மணி நேரத்தின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு மூதாட்டியின் திட்டத்தில் மாதம் 20 ஜிபி தரவு இருப்பதாகக் கொள்வோம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு கூடுதல் ஜிபிக்கும் 10 டாலர் தானாகவே பில்லில் சேரும். அவர் 17 ஜிபியை எட்டும்போது 85 விழுக்காடு ஆகிறது; மிச்சம் 3 ஜிபி. உயர்தரத்தில் ஓடும் ஒரு திரைப்படம் ஒரு மணி நேரத்திலேயே ஏறத்தாழ 3 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். பேரப்பிள்ளை பாட்டியின் கைப்பேசியில் ஒரு மாலைப் பொழுது படம் பார்த்தால், நிறுவனத்தின் குறுஞ்செய்தி மறுநாள் காலையில் வந்து சேர்வதற்குள் தரவு தீர்ந்து கூடுதல் கட்டணம் தொடங்கியிருக்கும். நிறுவனம் விதியை மீறவில்லை. ஆயினும் செய்தி காலம் கடந்து வந்தது.

கைப்பேசியோ, தன் வழியே செல்லும் தரவைத் தானே எண்ணுகிறது. நாம் குறித்த அளவு வந்தவுடன் அறிவிக்க அதனால் இயலும். அதற்கு நாம் அதனிடம் மூன்று எண்களைச் சரியாகச் சொல்ல வேண்டும்: கணக்கு தொடங்கும் தேதி, எச்சரிக்கை அளவு, எல்லை அளவு.

முதலில் தேதி. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். எந்தத் தேதியில் ஒரு மாதக் கணக்கு தொடங்குகிறது என்பது அதில் இருக்கும். அது பெரும்பாலும் ஒன்றாம் தேதியாக இராது. நம் மூதாட்டியின் கணக்கு 14ஆம் தேதி தொடங்குவதாகக் கொள்வோம். கைப்பேசி ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால், அது காட்டும் எண்ணுக்கும் நிறுவனத்தின் கணக்குக்கும் தொடர்பே இராது. தரவின் மொத்த அளவையும் கூடுதல் கட்டணத்தையும் அறிய, திட்டத்தைப் பெறும்போது நிறுவனம் தரும் "Critical Information Summary" என்ற சுருக்க ஆவணத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் இணையதளத்திலும் அது கிடைக்கும்.

அடுத்து எச்சரிக்கை. 20 ஜிபியை 30 நாளுக்குப் பகிர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.67 ஜிபி. மாதம் முடிய ஐந்து அல்லது ஆறு நாள்களுக்குத் தேவையான அளவு கையிலிருக்கும்போதே செய்தி வந்தால், மீதி நாள்களைத் திட்டமிட்டுக்கொள்ளலாம். ஆறு நாளுக்கு 4 ஜிபி. ஆகவே எச்சரிக்கையை 16 ஜிபியில் வைக்கலாம். மாதத்தின் இறுதி வாரத்தில் அந்த அறிவிப்பு வந்தால் கவலையில்லை. பத்தாம் நாளிலேயே வந்தால், எங்கோ வழக்கத்திற்கு மாறாகத் தரவு செலவாகிறது என்று பொருள்.

மூன்றாவது எல்லை. எச்சரிக்கைக்கும் எல்லைக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு மனத்தில் கொள்ளுங்கள். எச்சரிக்கை செய்தி மட்டுமே சொல்லும். தரவு தொடர்ந்து ஓடும். எல்லையோ கைப்பேசித் தரவையே நிறுத்திவிடும். எல்லையை 20 ஜிபியில் வைக்காமல் 19 ஜிபியில் வையுங்கள். கைப்பேசியின் எண்ணிக்கையும் நிறுவனத்தின் எண்ணிக்கையும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. பில்லுக்குச் செல்லுபடியாவது நிறுவனத்தின் எண்ணிக்கையே. அந்த ஒரு ஜிபி இடைவெளி இவ்வேறுபாட்டைத் தாங்கும்.

இனி அமைக்கும் வழியைப் பார்ப்போம். சாம்சங் கைப்பேசியில் "Settings" திறந்து, "Connections", பின்னர் "Data usage", அதன்பின் "Billing cycle and data warning" என்று செல்லுங்கள். "Start billing cycle on" என்ற இடத்தில் 14 என்று தேதியை அமையுங்கள். "Data warning" என்ற இடத்தில் 16 ஜிபி என்று இடுங்கள். "Set data limit" என்பதை இயக்கி, "Data limit" என்ற இடத்தில் 19 ஜிபி என்று இடுங்கள்.

கூகுள் பிக்சல் போன்ற பிற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் "Settings", "Network & internet", "SIMs" என்று சென்று உங்கள் சிம்மைத் தொட்டால், "Data warning & limit" என்ற வரி தென்படும். தேதி, எச்சரிக்கை, எல்லை ஆகிய மூன்றும் அதனுள்ளேயே இருக்கும். ஆண்ட்ராய்டின் பதிப்பைப் பொறுத்துப் பெயர்கள் சற்று மாறலாம். "Settings" பக்கத்தின் மேலுள்ள தேடல் இடத்தில் "data warning" என்று தட்டினால் அவ்விடத்திற்கே சென்றுவிடலாம். இரண்டு சிம் வைத்திருப்போர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அமைக்க வேண்டும்.

எண்ணை இடும்போது அதன் அருகிலுள்ள அலகைக் கவனியுங்கள். அங்கே MB என்றும் GB என்றும் இரண்டு தெரிவுகள் இருக்கும். 19 என்று இட்டு MB என்பதை மாற்றாமல் விட்டுவிட்டால், எல்லை 19 எம்பி ஆகிவிடும். இணையம் உடனே நின்றுவிடும். அமைத்த சில நிமிடங்களிலேயே இணையம் நின்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

உங்களில் சிலருக்கு ஒவ்வொரு மாதமும் தரவு எச்சரிக்கை ஒன்று வந்துகொண்டிருக்கலாம்; அதைப் பாராமலே தள்ளிவிடப் பழகியும் இருப்பீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் எச்சரிக்கை 2 ஜிபி என்ற அளவில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். 20 ஜிபி வைத்திருப்பவருக்கு அது பொருளற்ற செய்தி. அதை உங்கள் திட்டத்திற்கு ஏற்ப மாற்றினால்தான் அந்த அறிவிப்பை நம்பிப் பார்க்க முடியும். மாற்றியபின் அது வேலை செய்கிறதா என்றறிய எளிய சோதனை உண்டு. இதுவரை 6 ஜிபி செலவாகியிருந்தால், எச்சரிக்கையைச் சிறிது நேரம் 5 ஜிபியில் வைத்துப் பாருங்கள். அறிவிப்பு வந்தால் அமைப்பு சரி. மீண்டும் 16க்கு மாற்றிவிடுங்கள்.

பிரீபெய்ட் திட்டம் வைத்திருப்போர் இன்னொன்றை அறிய வேண்டும். இந்நாட்டுப் பிரீபெய்ட் திட்டங்கள் பல 28 நாளுக்கானவை. கைப்பேசியின் கணக்கோ மாதத் தேதியை மட்டுமே அறியும். மார்ச் 3ஆம் தேதி ரீசார்ஜ் செய்தவரின் திட்டம் மார்ச் 30 அன்று முடிகிறது; 31ஆம் தேதி அவர் மீண்டும் ரீசார்ஜ் செய்கிறார். தேதி 3 என்றே இருந்தால், கைப்பேசி ஏப்ரல் 2 வரை பழைய கணக்கையே தொடரும். புதிய தரவு கையில் முழுமையாக இருக்க, பழைய எண்ணிக்கை எல்லையைத் தொட்டு இணையத்தை நிறுத்திவிடலாம். ஏப்ரல் 3 அன்று கணக்கு மீண்டும் தொடங்கும்போது, இடையில் செலவான மூன்று நாள் தரவு விடுபட்டுவிடும்; எச்சரிக்கை பின்னர் தாமதமாக வரும். ஆகவே ஒவ்வொரு முறை ரீசார்ஜ் செய்யும்போதும் தேதியை அந்த நாளுக்கு மாற்றிவிடுங்கள்.

ஐபோன் வைத்திருப்போர்க்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐபோனின் அமைப்புகளில் இத்தகைய எச்சரிக்கையும் எல்லையும் இல்லை. அதில் தரவுப் பக்கத்தில் "Current Period" என்றொரு எண் காணப்படும். பெயரைப் பார்த்து அது இம்மாதக் கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அது தானாகத் தொடங்குவதில்லை. கடைசியாக நீங்கள் அழித்த நாளிலிருந்து சேர்ந்துகொண்டே வரும். அதே பக்கத்தின் அடியில் உள்ள "Reset Statistics" என்பதைக் கணக்கு தொடங்கும் நாளில் தொட வேண்டும். அந்த நாளுக்கு மாதந்தோறும் நாள்காட்டியில் நினைவூட்டல் ஒன்றை வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை அந்த எண்ணைப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் செயலியில் அறிவிப்பு வசதி இருந்தால் அதையும் இயக்கிக்கொள்ளுங்கள்.

எல்லையை அமைப்பதற்கு முன் வீட்டில் ஒரு சொல் பேசிவிடுங்கள். எல்லையை எட்டியபின் சாதாரண அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் இயங்கும். அவசர எண் 000 இயங்கும். ஆனால் வைஃபை இல்லாத இடத்தில் வாட்ஸ்அப் அழைப்பு நின்றுவிடும். பிள்ளைகளை வாட்ஸ்அப்பில் மட்டுமே அழைக்கப் பழகிய முதியவர், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு கைப்பேசி பழுதாகிவிட்டது என்று கலங்கக் கூடாது. பிள்ளைகளின் எண்ணைச் சாதாரண அழைப்பில் அழைக்கவும் அவருக்குக் காட்டிக்கொடுங்கள். தரவு மிகவும் தேவைப்பட்டால், நிறுத்தப்பட்ட செய்தியில் "Resume" என்பதைத் தொட்டோ, எல்லையை உயர்த்தியோ தொடரலாம். அதன் பிறகு தாண்டும் தரவுக்குத் திட்டப்படி கட்டணம் உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் பில்லில் விளங்காத கூடுதல் கட்டணம் வந்தால், முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் தரவுப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். அங்கே தீர்வு கிட்டாவிட்டால், தொலைத்தொடர்புத் துறைக் குறைதீர் அமைப்பான "Telecommunications Industry Ombudsman" என்பதை 1800 062 058 என்ற எண்ணில் நாடலாம். நுகர்வோருக்கு இச்சேவை இலவசம். தமிழில் பேச விரும்பினால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வழியே அவர்களுடன் இணைக்கும்படி கேளுங்கள். நிறுவனம் அறிவிப்பு அனுப்பவே இல்லை என்றால், அல்லது மிகவும் தாமதமாக அனுப்பியிருந்தால், அதைத் தேதியுடன் குறிப்பிடுங்கள்; உங்கள் முறையீட்டுக்கு அது வலுச்சேர்க்கும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் பில்லின் மேல் ஓரத்தில் மூன்று எண்களை எழுதிக்கொண்டு கைப்பேசியைத் திறவுங்கள்: தொடங்கும் தேதி, எச்சரிக்கை, எல்லை. ஒவ்வொரு சிம்முக்கும் ஐந்து நிமிடம் போதும்.