விலை முன்னே, சரக்குப் பின்னே



தோட்டத்தில் வளர்ந்த நம்மில் யாருக்கும் 555 நோட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறிய நோட்டு அது. மாதம் முழுவதும் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பி அரிசி, பருப்பு, மீன் டின் வாங்குவோம். கடைக்காரர் நோட்டில் குறித்துக்கொள்வார். சம்பள நாளன்று கூட்டிச் சொல்லும் தொகையைக் கட்டுவோம். அந்த முறையில் ஒரு வசதி இருந்தது. ஒரு கேடும் இருந்தது. வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது வசதி. எந்த விலைக்கு எடுத்தோம் என்பது மாதக் கடைசியில்தான் தெரியும் என்பது கேடு.

இன்று நாம் பேசப்போகும் முறை, அந்த வசதியை வைத்துக்கொண்டு அந்தக் கேட்டை நீக்குகிறது. விலையை முதலில் பேசி எழுதிவிடுவது. பிறகு ஆண்டு முழுவதும், தேவைப்படும்போது மட்டும், அந்த விலைக்குச் சரக்கைக் கேட்டு வாங்குவது. இதை விலை ஒப்பந்தம் என்பார்கள். ஆண்டுக்கு இவ்வளவு என்று அளவும் சேர்த்து எழுதினால் அது ஆண்டு ஆர்டர் ஆகிறது. ஒவ்வொரு முறையும் “இத்தனை அனுப்புக” என்று நாம் எழுதிக் கொடுக்கும் தாளைக் கேட்புச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம்.

நம் அரசாங்கமும் இப்படித்தான் வாங்குகிறது. பல இலாகாக்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் பொருள்களுக்கு நிதியமைச்சு ஒரே விலையைப் பேசி வைக்கிறது. அதற்குக் கொன்ட்ராக் பூசாட், அதாவது மைய ஒப்பந்தம், என்று பெயர். ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு வேண்டியதை அந்த விலைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நம் பிள்ளைகள் பள்ளியில் உண்ணும் துணை உணவும், ஆர்.எம்.டி. என்கிறோமே, அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று விகிதம் முன்பே முடிவாகிவிடுகிறது. எத்தனை தட்டு என்பது அன்றாடக் கணக்கு.

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். கிள்ளானில் ஒரு கோயில் குழு 2023-ஆம் ஆண்டு முழுவதற்கும் அன்னதான அரிசி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் சென்ற ஆண்டின் பில்களை எடுத்து எண்ணுகிறார்கள். 10 கிலோ மூட்டையாக 240 மூட்டை செலவாகியிருக்கிறது. மூன்று மொத்த வியாபாரிகளிடம் விலை கேட்கிறார்கள். ஒருவர் மூட்டை 31 வெள்ளிக்கு, கோயிலிலேயே கொண்டுவந்து இறக்கித் தருவதாகச் சொல்கிறார். 240 மூட்டைக்கு 7,440 வெள்ளி.

இந்த இடத்தில் 7,440 வெள்ளிக்கு அரிசி வாங்கி அடுக்கினால் வண்டும் எலியும்தான் மகிழும். ஆகவே விலையை மட்டும் கட்டிவைத்து, சரக்கை வியாபாரியின் கிடங்கிலேயே விட்டுவைக்கிறார்கள். ஜனவரியில் 20 மூட்டைக்குக் கேட்புச் சீட்டு. பிப்ரவரி 5-ஆம் நாள் தைப்பூசம், அதற்கு 35. மார்ச்சில் 15. ஏப்ரலில் பங்குனி உத்திரம், ஆகவே 40. மே மாதம் 15, ஜூனில் 20. ஆறு மாதத்தில் 145 மூட்டை; மீதி 95.

இந்த மீதிக் கணக்குத்தான் இம்முறையின் உயிர். ஓர் அட்டையில் தேதி, சீட்டு எண், கேட்டது, வந்தது, மீதி என்று ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொரு வரவையும் அன்றே எழுத வேண்டும். பில் வந்ததும் மூன்று தாள்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: நாம் எழுதிய சீட்டு, லாரிக்காரர் கையெழுத்து வாங்கிய இறக்குமதித் தாள், கடைசியாகப் பில். தைப்பூச நெரிசலில் 35 கேட்ட இடத்தில் 40 மூட்டை இறங்கி, யாரோ ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அந்த ஐந்து மூட்டைக்குச் சீட்டு இல்லை என்பதை அட்டைதான் காட்டும். 20 மூட்டைக்கான பில்லில் 31 வெள்ளிக்குப் பதில் 33 என்று விழுந்திருந்தால் 40 வெள்ளி கூடுதலாகப் போகும். மொத்தத் தொகையைப் பார்த்துப் பணம் கட்டுபவர் கண்ணுக்கு அது படாது. ஒப்பந்தத் தாளை எடுத்து வைத்துப் பார்ப்பவருக்கே படும்.

அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் ஆசிரியர்களும் பெற்றோர் சங்கத்தாரும் சேர்ந்து ஓர் அச்சகத்துக்குக் கடிதம் எழுதினோம். “ஆண்டுக்குச் சுமார் 3,000 நோட்டுகள் தேவைப்படும், ஒன்று 80 காசு, வேண்டும்போது வாங்கிக்கொள்கிறோம்” என்பது கடிதத்தின் சாரம். ஆண்டுக் கடைசிவரை 2,100 நோட்டுகளே தேவைப்பட்டன. ஒரு நாள் வேன் வந்து மீதி 900 நோட்டுகளையும் இறக்கிவிட்டு, 720 வெள்ளிக்குப் பில்லை நீட்டியது. எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் அட்டையில் எங்கள் பள்ளியின் பெயர் அச்சாகியிருந்தது. அவர் அதை வேறு யாரிடம் விற்பார்? “சுமார்” என்ற சொல்லை நாங்கள் கணிப்பாக எழுதினோம், அவர் வாக்குறுதியாகப் படித்தார். விளையாட்டுப் போட்டிக்கு ஒதுக்கிய பணம் நோட்டாகி அலமாரியில் உட்கார்ந்தது.

குற்றம் கடிதத்தில்தான். அதில் மூன்று செய்திகள் தனித்தனியாக இருந்திருக்க வேண்டும். எவ்வளவு தேவைப்படலாம் என்ற கணிப்பு ஒன்று. எவ்வளவைக் கட்டாயம் எடுத்துக்கொள்வோம் என்ற உறுதி இரண்டாவது. அது கணிப்பைவிடக் குறைவாகவே இருக்கும், இல்லாமலும் இருக்கலாம். எந்தத் தேதியோடு இந்த ஏற்பாடு முடிகிறது என்பது மூன்றாவது. பெயர் அச்சிட்ட பொருளுக்கு உறுதி அளவு கொடுப்பதே நியாயம். அரிசியைப்போல யாருக்கும் விற்கக்கூடிய பொருளுக்கு அது தேவைப்படாது. “சீட்டு இன்றி வரும் சரக்குக்குப் பொறுப்பில்லை” என்ற ஒரு வரியும் கட்டாயம் வேண்டும்.

மறுபடியும் கோயில் அரிசிக்கு வருவோம். ஜூலையில் 15, ஆகஸ்டில் 20 மூட்டை எடுத்தாயிற்று, மீதி 60. இப்போது வெளியுலகம் குறுக்கிடுகிறது. 2023 ஜூலை 20-ஆம் நாள் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. இது நடந்த செய்தி. பத்துக் கிலோவுக்குக் கணக்கிட்டால் 23 வெள்ளி 50 காசாக இருந்தது 32 வெள்ளியாகிறது. நம் வியாபாரியோ 31 வெள்ளிக்கு இறக்கித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கும் விலையே விற்கும் விலையைத் தாண்டிவிட்டது.

இந்த நிலையில் வியாபாரி ஒப்பந்தத்தைக் கிழித்து எறியமாட்டார். முதலில் நாள் தள்ளும். “ஸ்டாக் இல்லை” என்பார். 20 கேட்டால் 12 வரும். பிறகு மூட்டையின் முத்திரை மாறும், குருணை கூடும். ஆகவேதான் ஒப்பந்தத்தில் அரிசியின் வகையையும் குருணை விழுக்காட்டையும் எழுதிவைக்க வேண்டும்; அட்டையில் சீட்டுக் கொடுத்த தேதியையும் சரக்கு வந்த தேதியையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனால் விலை நோகிறது என்று பொருள்.

இதற்கு வழி, விலை மாறும் விதியை முதலிலேயே எழுதிக்கொள்வது. “பெர்னாஸ் விலை மாறினால், பத்துக் கிலோவுக்கு மாறிய தொகை எவ்வளவோ அவ்வளவே கூடும் அல்லது குறையும்” என்று எழுதலாம். மாறிய தொகை 8 வெள்ளி 50 காசு. புதிய விலை 39 வெள்ளி 50 காசு. விழுக்காட்டில் எழுதினால் வியாபாரியின் லாபமும் வண்டிக் கூலியும் சேர்ந்து ஏறிவிடும். தொகையில் எழுதினால் ஏறியது மட்டுமே ஏறும். “குறையும்” என்ற சொல்லையும் மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் மத்திய அரசின் வழங்கல் தலைமை இயக்குநரகம், 2017-இல் மூடப்படும்வரை, இத்தகைய விலை ஒப்பந்தங்களையே பெரிதும் நடத்தியது. ஒப்பந்தக்காரர் அதே பொருளை வேறு ஒருவருக்குக் குறைந்த விலையில் விற்றால் அரசுக்கும் அந்த விலைக்கே தர வேண்டும் என்று அதன் ஒப்பந்தங்களில் ஒரு விதி இருந்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குழு தன் வரம்பைப் பணத்தில் மட்டும் எழுதியிருந்தால், மீதியிருப்பது 1,860 வெள்ளி. புதிய விலையில் அதற்கு 47 மூட்டையே கிடைக்கும். 60 மூட்டை இருக்கிறது என்று நம்பி மார்கழிப் பூசைக்கு அழைத்தவர்களுக்கு 13 மூட்டை குறையும். ஆகவே அட்டையில் மூட்டை மீதியோடு பண மீதிக்கும் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள்.

எல்லாப் பொருளுக்கும் இது ஒத்துவராது. பிரிக்பீல்ட்ஸில் மாலை கட்டுபவரிடம் போய் ஆண்டு முழுவதற்கும் மல்லிகைக்கு ஒரே விலை கேட்டால், தீபாவளிக்கு வேண்டிய விலையை இன்றே போட்டுச் சொல்வார். நாளுக்கு நாள் ஏறி இறங்கும் பொருளுக்கு அன்றைய விலையே மலிவு. விலை மெல்ல அசையும் பொருளாகவும், தேவை திரும்பத் திரும்ப வருவதாகவும் இருந்தால்தான் ஆண்டு விலை பயன் தரும். அங்கேயும் விலையை ஒரேயடியாக இறுக்கிப் பிடித்தால் தரம் நழுவும். தட்டுக்கு இவ்வளவு என்று நிலைத்திருந்த ஆர்.எம்.டி. விகிதத்தைக்கூட 2022 ஜூன் முதல் தீபகற்பத்தில் இரண்டரை வெள்ளியிலிருந்து மூன்றரை வெள்ளிக்கு உயர்த்த வேண்டி வந்தது, உணவுப் பொருளின் விலை ஏறியதால்தான்.

கோயிலுக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ பொறுப்பேற்றிருக்கும் நேயர்கள், இந்த ஆண்டுக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் “சுமார்” என்ற சொல் எங்கேனும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், அதற்குப் பக்கத்திலேயே உறுதி அளவையும் முடியும் தேதியையும் எழுதிவிடுங்கள்.