அத்திரிபாச்சா!
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இரண்டரை வயதுப் பேத்தியைத் தூங்க வைக்கும் வேலை எங்கள் வீட்டில் என்னுடையது. செல்போன் இல்லாமல் அதற்கு எனக்குக் கைகொடுப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய கதைதான்.

ராசிபுரத்தில் மாமியார் வீடு. மாப்பிள்ளை புதுசாக ஒரு பலகாரம் சாப்பிடுகிறார். "இது என்னங்க அத்தை?" "கொழுக்கட்டைங்க, மாப்பிள்ளை." பெயர் மறக்கக் கூடாதென்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே ஆண்டகளூர் கேட்டுக்கு நடக்கிறார். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று தாண்டுகிறார். பெயர் போச்சு! அதற்கப்புறம் வழியெல்லாம் "அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா"தான்.

வீட்டில் மனைவியிடம், "எனக்கு அத்திரிபாச்சா வேணும்" என்கிறார். பழைய கதையில் இந்த இடத்தில் அவர் மனைவியை அடிப்பார். வீங்கியதைப் பார்த்துத்தான் கொழுக்கட்டை என்ற பெயர் வெளியே வரும். அதைக் குழந்தையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இப்படி மாற்றினேன். மனைவி இட்லி கொண்டு வருகிறார். "என்னங்க, இதுங்களா அத்திரிபாச்சா?" குழந்தை கத்தும்: "இல்லே!" தோசை வரும். "இல்லே!" முறுக்கு வரும். "இல்லே!" கோபத்தில் எழுந்த மாப்பிள்ளை நிலைப்படியில் டொம்மென்று முட்டிக்கொள்கிறார். "ஐயோ, நெத்தி கொழுக்கட்டையாட்டம் வீங்கிருச்சுங்களே!" "அதேதான்!"

சொல்லும் விதம்தான் முக்கியம். நடக்கும்போது குழந்தையின் தொடையில் தாளமாகத் தட்டுங்கள். வாய்க்கால் வந்ததும் "அத்திரி..." என்று நிறுத்துங்கள். நாலைந்து நாளில் நமக்கு முன்னால் அதன் வாய் திறக்கும். பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். "கொக்கட்டை" என்று சொன்னால் திருத்தாதீர்கள். திருத்தினால் கத்துவதை நிறுத்திவிடும். தினமும் வார்த்தையை மாற்றுவதும் வேண்டாம். அடுத்து என்ன வருமென்று தெரிந்திருப்பதில்தான் அதற்குச் சந்தோஷம்.

முதலில் நான் ஒரு தப்பு செய்தேன். "அதேதான்!" என்று கத்தலோடு கதையை முடித்தேன். பேத்தி கட்டிலில் எழுந்து நின்று குதித்தாள். பத்தரை மணி வரை தூக்கமில்லை. இப்போது கத்தல் எல்லாம் கதையின் நடுவோடு சரி. கடைசியில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது. பெயர் மறக்காமலிருக்கப் படுத்துக்கொண்டே சொல்கிறார்: "கொழுக்கட்டை... கொழுக்கட்டை..." ஒவ்வொரு முறையும் குரலைக் குறைத்து, தட்டுவதையும் மெதுவாக்குகிறேன். வாய்க்கால் மறுபடியும் வராது. "இன்னொருக்கா" என்று கேட்டால், "மெதுவாச் சொல்லு கண்ணு, மாப்பிள்ளை தூங்கறாரு" என்பேன். அவளும் கிசுகிசுப்பாள். பல நாள் அந்த வார்த்தை பாதியிலேயே நின்றுவிடும்.

இன்றிரவு உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள்.