ஒரு பவுணுக்கு எவ்வளவு தருவார்கள்?
(தர்மபுரத்தில் அங்கத்தவர் குடும்பங்கள் மத்தியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்தில் நாங்கள் அடகு என்கிறோம், இங்கே வன்னியில் அடைவு என்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய எங்கள் குடும்பங்களில் இரண்டு சொல்லும் புழங்குகிறது. காலபோக விதைப்புக்குக் காசு தேவைப்பட்டால் நகைதான் முதலில் வீட்டை விட்டுப் போகிறது. ஆனால் போகும்போது அதற்கு அதிகபட்சம் எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் குறைவு. அவர்கள் சொல்வதை வாங்கிக்கொண்டு வருகிறோம். இன்று அந்தக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

கணக்கு இரண்டு பெருக்கல்தான். கல்லும் அரக்கும் கழித்த நிகர எடையை, அந்தக் கரட்டுக்குரிய ஒரு கிராம் விலையால் பெருக்க வேண்டும். வருவது நகையின் பெறுமதி. அதைக் கடன் கொடுப்பவரின் வீதத்தால் பெருக்கினால் கடன் தொகை.

ஓர் உதாரணம் எடுப்போம். தங்க விலை தினம் மாறுவதால், கணக்கு இலகுவாக வரும் ஒரு விலையை வைத்துக்கொள்வோம்: 24 கரட் ஒரு பவுண், அதாவது 8 கிராம், 240,000 ரூபா. அப்போது 24 கரட் ஒரு கிராம் 30,000. 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 30,000ஐ 24ஆல் பிரித்து 22ஆல் பெருக்கினால் 27,500. இங்கே பலர் தடுமாறுகிறார்கள். கடைப் பலகையில் 22 கரட் விலை என்று எழுதியிருந்தால் அதில் இந்தக் கழிவு ஏற்கெனவே நடந்துவிட்டது. அதை மறுபடி 24ஆல் பிரித்து 22ஆல் பெருக்கினால் ஒரே கழிவு இரண்டு முறை விழும்.

ஒரு தாயிடம் பதக்கம் வைத்த சங்கிலி ஒன்றும் ஒரு சோடித் தோடும் இருக்கின்றன என்று வைப்போம். தராசில் சங்கிலி 12.6 கிராம், தோடு 4.2 கிராம். பதக்கக் கல்லுக்கு 0.6, தோட்டுக் கல்லுக்கு 0.2 கழித்தால் நிகர எடை 12ம் 4ம், மொத்தம் 16 கிராம். 27,500ஆல் பெருக்கினால் பெறுமதி 440,000. 75 வீதம் கொடுக்கிற இடத்தில் அதிகபட்சக் கடன் 330,000 ரூபா.

இனி, இந்தத் தொகை எங்கே தேய்கிறது என்று பார்ப்போம். முதலாவது எடை. கல்லைக் கழற்றி நிறுப்பதில்லை, கண்ணால் பார்த்து மதிக்கிறார்கள். 0.8க்குப் பதிலாக 1.6 கிராம் கழித்தால் கடன் 16,500 ரூபா குறைகிறது. நகை வாங்கும்போது கல்லின் எடையைத் தனியாக எழுதிய பற்றுச்சீட்டு இருந்தால் அதைக் கையோடு கொண்டுபோங்கள். தாலிக்கொடியில் உள்ளே அரக்கு நிரப்பிய குண்டுகள் இருந்தால் அதற்கும் கழிவு வரும், அது நியாயம்தான்.

இரண்டாவது கரட். நகையில் 22 என்று குத்தியிருந்தாலும் அவர்கள் உரைகல்லில் உரசி அமிலம் விட்டுத்தான் பார்ப்பார்கள். உரசுகிற இடம் முக்கியம். கொக்கி, வளையம் ஒட்டிய இடத்தில் பற்றாசு இருக்கும், அங்கே கரட் குறைவாகவே காட்டும். அதே 16 கிராமை 20 கரட் என்று எழுதிவிட்டால் பெறுமதி 400,000, கடன் 300,000. ஒரு கீறலில் 30,000 ரூபா போய்விடுகிறது. குறைத்துச் சொன்னால், ஒட்டு இல்லாத வேறோர் இடத்தில் உரசிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நகை எங்களுடையது.

மூன்றாவது வீதம். இதில்தான் விளம்பரத்துக்கு நாங்கள் அதிகம் ஏமாறுகிறோம். ஓரிடத்தில் 80 வீதம், இன்னோரிடத்தில் 75 வீதம் என்றால் கால்கள் தாமாக 80க்குப் போகும். எதில் 80 வீதம்? சந்தையில் 22 கரட் பவுண் 220,000 ஆக இருக்கும்போது, 80 வீதக்காரர் தன்னுடைய மதிப்பாகப் பவுணுக்கு 200,000 என்று வைத்திருந்தால், அவர் தருவது 160,000. சந்தை விலையில் 75 வீதம் தருபவர் கொடுப்பது 165,000. ஆகவே வீதத்தைக் கேட்காதீர்கள். “22 கரட் ஒரு பவுணுக்கு இன்றைக்கு எவ்வளவு முற்பணம்?” என்று கேளுங்கள். வரும் பதிலை 8ஆல் பிரித்தால் கிராமுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று இடங்களில் கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடகுச் சீட்டில் கையொப்பமிட முன் மொத்த எடை, நிகர எடை, கரட், மதிப்பு நான்கையும் பாருங்கள். தொகை நாங்கள் போட்ட கணக்கை விடக் குறைந்திருந்தால், எந்த இடத்தில் குறைந்தது என்று அந்த நான்கிலிருந்து கண்டுபிடிக்கலாம். எடை சரி, கரட் சரி, தொகை மட்டும் குறைவென்றால் அவர்கள் வைத்த மதிப்பில்தான் வித்தியாசம்.

அதிக வீதம் கிடைத்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதையும் கணக்கிலேயே பார்ப்போம். 440,000 ரூபா நகைக்கு 85 வீதம் தந்தால் 374,000 கிடைக்கும். ஆண்டுக்கு 18 வீத வட்டி என்று வைத்தால், ஒரு வருடம் கழித்து மீட்க 441,320 வேண்டும். விலை ஏறாவிட்டால் கடன் நகையை விடப் பெரிதாகிவிட்டது. 75 வீதத்தில் எடுத்திருந்தால் 389,400. தங்க விலை பத்து வீதம் விழுந்து நகை 396,000க்கு வந்தாலும் அதற்குள் அடங்கும், மயிரிழையில். பத்து வீதம் விழுமா என்றால், 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் இரண்டே வேலை நாட்களில் அதற்கும் மேல் விழுந்தது. எங்கள் நாட்டில் அன்று கூடிய வீதத்தில் கடன் எடுத்தவர்கள் பலர், நகையின் விலையை விடக் கடன் கூடியதால் மீட்காமலே விட்டார்கள். நகை ஏலத்துக்குப் போனது, வங்கிகளுக்கும் பெரிய நட்டம்.

1964 ஒப்பந்தத்தில் நீலகிரிக்குப் போன எங்கள் உறவினர்களுக்கு, இந்தியாவில் இதை ரிசர்வ் வங்கி எழுத்திலேயே வைத்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதலான விதிப்படி இரண்டரை இலட்சம் ரூபா வரையான கடனுக்கு 85 வீதம், ஐந்து இலட்சம் வரை 80, அதற்கு மேல் 75 தான் உச்சம். முதலையும் வட்டியையும் முடிவில் ஒரே தடவையில் கட்டும் கடனென்றால், முடிவில் கட்ட வேண்டிய முழுத் தொகையும் அந்த வீதத்துக்குள் அடங்க வேண்டும். வட்டியும் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இங்கே அந்தக் கணக்கை நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அந்தத் தாய்க்கு விதைப்புக்கும் உரத்துக்கும் தேவைப்பட்டது 245,000 ரூபா என்று வையுங்கள். 75 வீதத்தில் கிராமுக்கு 20,625. 245,000ஐ அதால் பிரித்தால் 11.9 கிராம் வரும். சங்கிலி மட்டும் 12 கிராம், அதற்கே 247,500 கிடைக்கும். தோடு பெட்டியை விட்டு வெளியே வரத் தேவையில்லை. இரண்டையும் வைக்கத்தான் வேண்டுமென்றால் ஒரே சீட்டில் வைக்காமல் தனித்தனிச் சீட்டாகக் கேளுங்கள். பெப்ரவரியில் அறுவடைக் காசு பாதிதான் வந்தாலும், தோட்டையாவது அன்றே மீட்டுக்கொண்டு வரலாம்.