கூடையில் வைத்த மாங்கனி



பள்ளிக் கலைவிழாவுக்கு மாணவர் தெரிந்தெடுத்து வரும் திரைப்பாடல்களிற் சில, பெற்றோர் முன்னிலையிற் பாடத் தகாதனவாய் இருக்கின்றன. மெட்டோ துள்ளுகிறது, சொல்லோ உறுத்துகிறது. அத்தகைய பாட்டை விலக்கிவிடாமல் திருத்துவது எங்ஙனம்?

எவர் பாட்டையும் குறை கூறாதிருக்க, அச்சாயலில் யானே கட்டிய ஈரடிகளை எடுத்துக்கொள்வோம். ஆடவன் கேட்கிறான்:

மூடி வைத்த மாங்கனியை முழுதும் காட்டக் கூடாதோ?

பெண் மறுமொழி கூறுகிறாள்:

வேலி தாண்டும் காளையர்க்கு வெட்கம் கொஞ்சம் வாராதோ?

தகாத சொல்லை மறைத்துப் பிறிதொரு சொல்லாற் கூறுவதை நன்னூலார் இடக்கரடக்கல் என்பர். இங்கே அது பயன்படாது. மாங்கனி என்பது தூய சொல்லே. மாசு அதன் இரண்டாம் பொருளில் இருக்கிறது. மாங்கனியை நீக்கிப் ‘பேரழகை’ என்று மாற்றினால், இருந்த திரையும் விலகிவிடும். ‘பாடி வைத்த பாடமதைப் படித்துக் காட்டக் கூடாதோ’ என்றாலோ மாசு நீங்கும். கூடவே குறும்பும் போய்விடும். வகுப்பறை நம்மைத் தொடர்ந்து மேடைக்கும் வந்துவிடும்!

ஆகவே, குறும்பு எங்கே உறைகிறது என்று முதலிற் காணவேண்டும். அது கனியில் இல்லை; ஆடவன் துணிந்து கேட்பதிலும், பெண் அவனை மடக்குவதிலும் இருக்கிறது. அந்த வினா விடையைக் காத்துக்கொண்டு, கனியை உண்மையான கனியாகவே ஆக்கிவிடுவோம். அதற்கொரு கூடையும் விலையும் கொடுத்தால் இரண்டாம் பொருளுக்கு நிற்க இடமில்லை:

கூடை கொண்ட மாங்கனியின் விலையைச் சொல்லக் கூடாதோ?
காசில் லாத காளையர்க்கு வாசம் மட்டும் போதாதோ?

இப்போது அவள் பழக்காரி, அவன் வெறுங்கையன். கேலி அவள் உடலை விட்டு அவன் மடியின் மேல் விழுகிறது.

மெட்டும் சிதையவில்லை. ‘முழுதும் காட்ட’ நின்ற இடத்தில் ‘விலையைச் சொல்ல’ அதே அசையளவில் அமர்கிறது. அடியிறுதியில் இசை நீளும் ‘தோ’ என்னும் நெடிலை மாற்றவில்லை. அங்கே குறிலை வைத்தால் பாடுவோர் சொல்லை இழுத்துச் சிதைப்பர். ‘மூடி’, ‘முழுதும்’ என்ற மோனை போயிற்று. அதற்கு ஈடாகக் ‘கூடை’, ‘கூடாதோ’ என்ற மோனை வந்தது.

திருத்தம் சரியா என்று அறிய ஓர் எளிய வழியுண்டு. சிறு பிள்ளையொன்று, ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் விடை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

எனினும் ஏட்டில் திருத்தியது போதாது. ‘மாங்கனி’ என்னுமிடத்தில் ஒரு பெருமூச்சோ நமட்டுச் சிரிப்போ வந்தால், வெளியேற்றிய பொருள் மீண்டும் உள்ளே நுழைந்துவிடும். ஆதலின் ஒத்திகையின்போது ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பழம் விற்கும் குரல் கேட்டால் மேடையேற்றலாம். வேறு குரல் கேட்டால், திருத்தவேண்டியது பாட்டையன்று, பாடும் முறையை.