நாலு கிழமைக் கணக்கு



தம்பிலுவிலில் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் பிறசர் 158க்கு 94. அவர் எடுத்துவந்த அம்லோடிபின் 5 மில்லிகிராமை டொக்டர் 10 ஆக்கி, கொப்பியில் அடுத்த மாதத் திகதியையும் எழுதிவிடுகிறார். மூன்றாம் நாள் பாமசியில் அளந்தால் 162. "இந்தக் குளிசை எனக்குச் சரிவராது" என்று அவர் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறார்.

அங்கேதான் பிழை. அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகப் போகிற மருந்து. விழுங்கியதில் பாதி கழியவே ஒன்றரை நாளோ இரண்டு நாளோ செல்லும். நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையது சேர்ந்து சேர்ந்து, இரத்தத்தில் அதன் அளவு ஒரு நிலைக்கு வர ஏழெட்டு நாள் வேண்டும். அதன் பிறகும் பிறசர் இறங்கி நிலைக்கச் சில கிழமைகள் பிடிக்கும். லொசார்ட்டனின் முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு கிழமை. சிறுநீர் போகவைக்கும் குளிசை அன்றைக்கே வேலையைக் காட்டும்; ஆனால் பிறசரில் அதன் பலனும் கிழமைக் கணக்கில்தான். அதனால்தான் மருந்தை மாற்றினால் மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் இலங்கையிலேயே 11 வைத்தியசாலைகளில் 700 பேரிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மூன்று மருந்துகளைச் சிறு அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். அதிலும் ஆறாம் கிழமையில்தான் முதல் முறை கணக்குப் பார்த்தார்கள். அந்தக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 68 பேர் இலக்கைத் தொட்டிருந்தார்கள். வழமையான சிகிச்சையில் இருந்தவர்களில் 44 பேர்.

சரி, அந்தத் தாய் என்ன செய்திருக்கலாம்? 10 மில்லிகிராமையே நாள் தவறாமல் எடுத்து, நாலாம் கிழமையில் வீட்டில் அளந்திருக்கலாம். ஐந்து நிமிடம் சும்மா இருந்து, காலையில் குளிசைக்கு முன்னும் பின்னேரமும் இரண்டிரண்டு தரம், ஏழு நாள். முதல் நாளை விட்டு மற்றவற்றின் சராசரி 135க்கு 85இற்குக் கீழே வந்தால் குளிசை வேலை செய்கிறது. பாமசியில் நடந்து வந்த களைப்போடு எடுத்த ஒற்றை அளவு அதைச் சொல்லாது.

ஆனால் நெஞ்சுவலி, மூச்சு முட்டல், வாய் கோணல், பேச்சுக் குழறல் வந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. எழும்பும்போது தலை சுற்றினாலோ கணுக்கால் வீங்கினாலோ திகதிக்கு முன்னமே போய்ச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கவேண்டுமென்று பலர் கிளினிக் நாள் காலையில் பிறசர் குளிசையையும் விட்டுவிடுகிறார்கள். அன்றைக்குப் பிறசர் ஏறி நிற்கும். அதைப் பார்த்து டொக்டர் இன்னும் கூட்டி எழுதக்கூடும். தண்ணீரோடு குளிசையை எடுத்துவிட்டு வரலாமா என்று முந்தின முறையே கேட்டு வையுங்கள்.